நூற்றிருபது சொல்லை நாற்பதாக்கியபோது

அரசுப் பணிக்கான குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கட்டாயத் தமிழ்த் தாளில் வரும் மொழிபெயர்ப்புக்கும் கடிதத்துக்கும் அஞ்சினேனே தவிர, சுருக்கி வரைதலை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும், அவ்வளவுதானே, விடை கண்முன்னே அச்சடித்துக் கிடக்கிறது, அதில் வேண்டாததை வெட்டிவிட்டால் போதும் என்பதே என் எண்ணமாக இருந்தது. நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் நடந்த மாதிரித் தேர்வில் பத்துக்கு மூன்று மதிப்பெண் வந்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. சொல் எண்ணிக்கை சரியாக இருந்தது, எழுத்துப் பிழையும் இல்லை. விடைத்தாளின் ஓரத்தில் திருத்தியவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "பத்தி சொன்னதற்கு எதிரானதை எழுதியிருக்கிறீர்கள்."

அந்தப் பத்தி குளங்களைத் தூர்வாருவதைப் பற்றியது. தூர்வாருவதால் வரும் நன்மைகளை முதலில் விரிவாகச் சொல்லிவிட்டு, நீர் வந்து சேரும் கால்களைச் சீர்செய்யாமல் குளத்தை மட்டும் ஆழப்படுத்திப் பயனில்லை என்று முடிந்திருந்தது. நன்மைகளைச் சொல்லும் வாக்கியங்கள் பல, மறுத்துச் சொல்லும் வாக்கியங்கள் இரண்டே. நான் பலவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, "தூர்வாரினால் குளங்கள் நிறையும்" என்று முடித்திருந்தேன். இடத்தை அதிகமாக அடைத்துக்கொண்டதே முக்கியமானது என்று என்னை அறியாமலே நம்பியிருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவட்டாற்றுக்கும் குலசேகரத்துக்கும் இடையில் உள்ளது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். பள்ளியில் எனக்கு அவர் பாடம் எடுத்ததில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதைப் படித்துவிட்டு, எனக்கு விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒரு தாளை எடுத்து அங்கேயே ஒரு பத்தியை எழுதத் தொடங்கினார். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி, வீட்டுப் பின்புறத்தில் எங்களுக்கு நான்கு தேன்பெட்டிகளும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பொருளை எடுத்தார் என்றும், அது எனக்கு வைத்த கண்ணி என்றும் பிறகே புரிந்தது. பத்தி இதுதான்:

"குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பயணம் செய்பவர்கள், சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களையும், அவற்றின் அடியில் ஆங்காங்கே வைக்கப்பட்டிருக்கும் மரப்பெட்டிகளையும் கண்டிருப்பார்கள். அவை தேனீ வளர்க்கும் பெட்டிகள். தேன் என்றாலே நம் நினைவுக்கு வருவது பூ. முருங்கை, புளி, தென்னை என்று தேனீ நாடும் பூக்களை நாம் அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் ரப்பர் தோட்டத்துத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குளிர்காலத்தில் இலைகளை முழுவதும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்கும் ரப்பர் மரம், அதன்பின் புதிய இலைகளை விடுகிறது. அந்தத் தளிர் இலைகளின் காம்பு நுனியில் உள்ள சிறு சுரப்பிகளில் இனிய நீர் ஊறுகிறது. அதையே தேனீக்கள் பெருமளவில் உறிஞ்சிச் சேர்க்கின்றன. இலை முற்றியதும் அந்தச் சுரப்பு நின்றுவிடுகிறது. எனவே தேன் கிடைக்கும் காலம் ஆண்டில் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் மழை பெய்துவிட்டால், ஊறிய இனிப்பு கழுவப்பட்டுப் போகும். தேனீக்களும் வெளியே வாரா. தேனீ வளர்ப்போர் ஆண்டு முழுவதும் பெட்டிகளைக் காத்து, எறும்பை விரட்டி, சர்க்கரைப்பாகு ஊட்டிச் செலவிட்ட உழைப்பின் பயனை, பருவந்தவறிய சில மழை நாட்களே தீர்மானித்துவிடுகின்றன."

இதில் 120 சொற்கள் உள்ளன. எனக்கு வேண்டியது 40. கால் மணி நேரத்தில் நான் எழுதிக் கொடுத்தது இது:

"குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் மரங்களின் அடியில் தேனீப் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. முருங்கை, புளி, தென்னை ஆகிய பூக்களைத் தேனீ நாடும். ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துப் புதிய இலைகளை விடுகிறது. இலைகளில் இனிய நீர் ஊறுகிறது. தேன் கிடைக்கும் காலம் சில வாரங்களே. மழை பெய்தால் இனிப்பு கழுவப்படும்."

மொத்தம் 38 சொற்கள். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மைதான், ஒவ்வொன்றும் பத்தியில் இருப்பதுதான். டீச்சர் அதை உரக்கப் படித்துவிட்டு, "இதை மட்டும் படிக்கிறவனுக்கு ரப்பர் தோட்டத்துத் தேன் எங்கேயிருந்து வருதுன்னு தெரியும் மக்களே?" என்று கேட்டார். நான் என் விடையைத் திரும்பப் பார்த்தேன். முருங்கைப் பூவிலிருந்தும் புளியம்பூவிலிருந்தும் வருகிறது என்றுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். இலையில் ஊறும் நீருக்கும் தேனீக்கும் என்ன தொடர்பு என்பதை நான் எழுதவே இல்லை. பத்தி பெயரளவுக்குச் சொல்லிவிட்டு மறுப்பதற்காகவே கொண்டுவந்த செய்தியை நான் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு, மறுப்பை விட்டுவிட்டிருந்தேன். குளத்துப் பத்தியில் செய்த அதே தவறு.

அவர் அடுத்துச் செய்யச் சொன்னது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பத்தியை இரண்டு முறை படிப்பது. அடிக்கோடிடக் கூடாது. எனக்கு அடிக்கோடுதான் பெரிய பழக்கமாக இருந்தது. அதில் உள்ள கேடு என்னவென்றால், முதல் வாசிப்பில் நமக்குப் பத்தியின் முடிவு தெரியாது. முடிவு தெரியாத நிலையில் தொடக்கத்தில் வரும் தகவலெல்லாம் முக்கியமாகவே தோன்றும், கோடு போட்டுவிட்டபின் அதை விட மனம் வராது. என் 38 சொற்களில் 17 சொற்கள் பத்தியின் முதல் நான்கு வாக்கியங்களுக்கே செலவாகியிருந்ததற்குக் காரணம் அதுதான். ஆசிரியர் வாசகரை உள்ளே அழைத்து வருவதற்காக எழுதிய வாசல் அது. சுருக்கத்துக்கு வாசல் வேண்டியதில்லை.

படித்தபின் தாளைக் கவிழ்த்து வைத்து, பத்தி என்ன சொல்ல வருகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னார். நான் "தேனீ வளர்ப்பைப் பற்றிச் சொல்கிறது" என்றேன். அது எதைப் பற்றியது என்பதற்கு விடை, என்ன சொல்கிறது என்பதற்கு விடை அன்று என்று தள்ளிவிட்டார். மூன்றாவது முறையில்தான், "ரப்பர் தோட்டத்துத் தேன் தளிர் இலையிலிருந்து வருவதால் சில வாரமே கிடைக்கும், அந்த வாரங்களில் பெய்யும் மழை அதைக் கெடுத்துவிடும்" என்று சொல்ல முடிந்தது. இந்த ஒரு வாக்கியம் கைக்கு வந்த பிறகு மற்றதெல்லாம் எனக்கு எளிதாகவே இருந்தது. இது வராமல் எழுதத் தொடங்கிய நாளெல்லாம் விடை சிதறியது.

அதன்பிறகுதான் பேனா. இப்போதும் அடிக்கோடு இல்லை. பத்தியில் உள்ள இணைப்புச் சொற்களை மட்டும் வட்டமிட வேண்டும். இந்தப் பத்தியில் "ஆனால்" ஒன்று, "எனவே" ஒன்று. சொல்லாக வெளியே தெரியாமல் உருபுக்குள் ஒளிந்திருப்பவையும் உண்டு: "முற்றியதும்", "பெய்துவிட்டால்", "அதையே" என்பதில் உள்ள ஏகாரம். தமிழில் காரணமும் நிபந்தனையும் அழுத்தமும் இப்படி விகுதிகளில் உட்கார்ந்துகொள்வதால், சுருக்கும் அவசரத்தில் பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்குகிறவன் இவற்றைத் தவறவிட்டுவிடுவான். "இலைகளில் இனிய நீர் ஊறுகிறது" என்று நான் எழுதியபோது தொலைந்துபோனது "அதையே" என்ற ஒரு சொல்தான். ஆனால் பத்தியின் உயிர் அந்தச் சொல்லில் இருந்தது.

மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றில் ஒரு பங்காக்குவது என்றுதான் நான் வெகுநாள் புரிந்துவைத்திருந்தேன். எங்கள் இருவரின் திருத்தங்களுக்குப் பிறகு வந்த இறுதி வடிவத்தைப் பார்த்தால் அது எவ்வளவு பிழை என்று தெரியும்:

"ரப்பர் தோட்டத்துத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து அன்றி இலையிலிருந்தே கிடைக்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர்த்த மரம் மீண்டும் தளிர்க்கையில், இலைக்காம்பின் சுரப்பிகளில் ஊறும் இனிய நீரைத் தேனீக்கள் சேர்க்கின்றன. இலை முற்றினால் சுரப்பு நிற்பதால் தேன்காலம் சில வாரங்களே. அப்போது மழை பெய்தால் இனிப்பு கழுவப்படும், தேனீக்களும் வெளிவாரா, வளர்ப்போரின் ஓராண்டு உழைப்பின் பயன் அம்மழையைப் பொறுத்ததே."

சரியாக 40 சொற்கள். மூலத்தின் முதல் ஐந்து வாக்கியங்களில் 50 சொற்கள் இருந்தன, அவை இங்கே 8 ஆகிவிட்டன. சாலை, வரிசையாக நிற்கும் மரங்கள், மரப்பெட்டி, பூக்களின் பட்டியல், வாசகரின் வியப்பு எல்லாம் போய், "பூவிலிருந்து அன்றி" என்ற இரண்டு சொற்களில் அந்த மறுப்பு மட்டும் நின்றது. அடுத்த மூன்று வாக்கியங்களின் 28 சொற்கள் 12 ஆயின. இலை முற்றுவதையும் அதனால் காலம் குறுகுவதையும் சொல்லும் வாக்கியங்கள் மூலத்திலேயே இறுக்கமாக எழுதப்பட்டவை, அவற்றின் 12 சொற்களை 7-க்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. கொண்டுவர முயலவும் கூடாது. கடைசி 30 சொற்கள் 13 ஆயின. ஆக ஓரிடத்தில் ஆறில் ஒரு பங்கு, இன்னோரிடத்தில் பாதிக்கும் மேல். மூன்றில் ஒரு பங்கு என்பது மொத்தக் கணக்குக்குத்தான். எந்த இடத்தில் தாராளம், எந்த இடத்தில் சிக்கனம் என்பதை அந்தக் கவிழ்த்து வைத்த தாளில் சொன்ன வாக்கியம்தான் தீர்மானிக்கிறது.

சொற்களைக் குறைக்கத் தமிழ் தரும் வசதிகளில் எனக்கு மிகவும் உதவியது எச்சங்கள். மூலத்தில் இரண்டு முற்றுவாக்கியங்களாக இருந்த "இனிய நீர் ஊறுகிறது", "அதையே தேனீக்கள் சேர்க்கின்றன" என்பவை, "ஊறும் இனிய நீரைத் தேனீக்கள் சேர்க்கின்றன" என்று ஒரு பெயரெச்சத்தால் ஒன்றாகிவிடுகின்றன. மரம் இலையுதிர்ப்பதும் தளிர்ப்பதும் "இலையுதிர்த்த மரம் மீண்டும் தளிர்க்கையில்" என்று ஒரு தொடராகின்றன. "சுரப்பு நின்றுவிடுகிறது, எனவே" என்பது "சுரப்பு நிற்பதால்" ஆகிறது. "எனவே" என்ற சொல் போனாலும் அதன் வேலையை "ஆல்" செய்துவிடுகிறது. இணைப்புச் சொல்லை விடலாம், இணைப்பை விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் இந்த வசதிக்கும் எல்லை உண்டு. ஒரு கட்டத்தில் எனக்கு எச்சப் பைத்தியம் பிடித்து, முழுப் பத்தியையும் ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் அதை நடுவில் நிறுத்தாமல் படிக்க முயன்று, மூச்சு வாங்கி, தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சங்களுக்கு மேல் போனால் எழுவாய் எது, யார் எதைச் செய்தார் என்பது குழம்பத் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

சொல் எண்ணுவதில் ஒரு சிறு திருட்டும் நடக்கும், நானும் செய்திருக்கிறேன். இடைவெளி விட்டு எழுதுவதைத்தான் ஒரு சொல்லாக எண்ணுகிறோம் என்பதால், பிரித்து எழுத வேண்டியவற்றை ஒட்டி எழுதி எண்ணிக்கையைக் குறைப்பது. "தேன்காலம்", "இலைக்காம்பு" போன்றவை தொகைச் சொற்கள், சேர்த்து எழுதுவதே இயல்பு. "சிலவாரங்களே", "மழைபெய்தால்" என்று எழுதினால் கணக்கு குறையும், ஆனால் தாளைத் திருத்துகிறவருக்கு அது உடனே கண்ணில் உறுத்தும். இரண்டு மூன்று சொற்கள் கூடுவதையோ குறைவதையோ விட இந்த ஒட்டுவேலை நம்மீது கெட்ட எண்ணத்தை உண்டாக்கும் என்று டீச்சர் சொன்னார். திருத்துகிற வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர் சொன்னதால் ஏற்றுக்கொண்டேன்.

இறுதி வடிவத்துக்கு முன்னால் நான் எழுதிய வரைவில் கடைசி வாக்கியம் "வளர்ப்போரின் ஓராண்டு உழைப்பு வீணாகும்" என்று இருந்தது. அதோடு மொத்தம் 38 சொற்கள், வாக்கியமும் அடித்தது போல் இருந்தது. எனக்கு அதில் பெருமையும்கூட. டீச்சர் "வீணாகும்" என்ற சொல்லைச் சுழித்து, இது பத்தியில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மழை பயனைத் தீர்மானிக்கிறது என்றுதான் மூலம் சொல்கிறது. மழை வந்தால் முழுதும் வீண் என்று சொல்லவில்லை. மழை வராத ஆண்டில் பயன் உண்டு என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். சுருக்கும்போது சொற்கள் குறைவதால் வாக்கியம் தானாகவே கூர்மையாகிவிடும், அந்தக் கூர்மையில் நம் கருத்து ஏறிக்கொள்ளும். மூலத்தில் "பெரும்பகுதி" என்று இருந்தால் சுருக்கத்திலும் "பெரும்பகுதி" இருக்க வேண்டும். "சில", "பலருக்கு", "பெரும்பாலும்" போன்ற அளவுச்சொற்கள் அலங்காரமாகத் தோன்றும், முதலில் வெட்டத் தோன்றுவதும் அவற்றைத்தான். அவற்றை வெட்டினால் பொருளின் எல்லை மாறிவிடும். "வீணாகும்" என்பதை எடுத்துவிட்டு "உழைப்பின் பயன் அம்மழையைப் பொறுத்ததே" என்று எழுதியதில்தான் 38 சொற்கள் 40 ஆயின.

அவர் வைத்த கண்ணி என்று முன்பு சொன்னேன் அல்லவா? எங்கள் வீட்டில் தேனெடுப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன் என்பதால், பத்தியில் இல்லாத பலவும் எனக்குத் தெரியும். ரப்பர்த் தேன் விரைவில் உறைந்து சர்க்கரை போலாகிவிடும். வாங்குகிறவர்கள் அதைக் கலப்படம் என்று சந்தேகிப்பார்கள். என் இரண்டாவது வரைவில் "விரைவில் உறையும் ரப்பர்த் தேன்" என்று ஓர் அடைமொழி எப்படியோ நுழைந்திருந்தது. எழுதும்போது நான் அதைச் சேர்த்ததாகவே நினைவில்லை. தெரியாத பொருளில் வரும் பத்தியைவிடத் தெரிந்த பொருளில் வரும் பத்தி ஆபத்தானது என்பதை அன்றுதான் கண்டேன். தெரியாத பொருளென்றால் பத்தியைப் பிடித்துக்கொண்டே நடப்போம். தெரிந்த பொருளென்றால் பத்தியை விட்டுவிட்டு நம் தோட்டத்துக்குள் போய்விடுவோம். அதனால் செம்மைப்படி எழுதுவதற்கு முன், ஒவ்வொரு சொல்லுக்கும் மூலத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தலைப்பைக் கடைசியில்தான் எழுதுவேன். "தேனீ வளர்ப்பு" என்று வைத்தால் அது இந்தப் பத்திக்கு மிகப் பெரிய சட்டை. "மழையும் தேனும்" என்றால் பின்பாதிக்கு மட்டும் பொருந்தும். "ரப்பர் தோட்டத்துத் தேன்" என்று வைத்தோம். தலைப்பைச் சொல் கணக்கில் சேர்ப்பதில்லை.

தேர்வறையில் மூலத்தின் சொற்களை ஒவ்வொன்றாக எண்ண நேரம் போதாது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வினாவிலேயே எண்ணிக்கை கொடுக்கப்படாவிட்டால், நான் நடுவில் உள்ள மூன்று முழு வரிகளை எண்ணிச் சராசரி எடுத்து, வரிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்வேன். வரிக்கு ஏழு சொல் என்று வந்து, பதினேழு வரிகள் இருந்தால் ஏறத்தாழ 119. மூன்றில் ஒரு பங்கு 40 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் விடையை மட்டும் ஒவ்வொரு சொல்லாக எண்ணி, அடியில் எண்ணிக்கையை எழுதுவேன். முதல்படியை வரிக்கு ஐந்து சொல் வீதம் எழுதினால் எண்ணுவது கண்ணோட்டத்திலேயே முடிந்துவிடும். எட்டு வரி வந்தால் நாற்பது. எந்த வரியில் எவ்வளவு கூடுகிறது என்பதும் உடனே தெரியும். எனக்கு மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதில் படிப்பதற்கும் அந்த ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதற்கும் மட்டுமே பத்து நிமிடம் போய்விடும். தொடக்கத்தில் அந்தப் பத்து நிமிடம் வீணாவது போலப் பதறினேன். பதறி அதைக் குறைத்த நாட்களில் முதல்படியை மூன்று முறை எழுத வேண்டி வந்தது.

நாற்பது சொல் வடிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை, மூலப் பத்தியைக் காட்டாமல் அதை மட்டும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மூலத்தைப் படிக்காதவருக்குப் புரிகிறதா என்று பார்க்கும்படி டீச்சர் சொல்லியிருந்தார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிதான். ஆனா மழ பெஞ்சா பால்வெட்டும் நடக்காதே, அத ஏன் எழுதல்ல?" என்றார்.

"பத்தியில அது இல்லப்பா" என்றேன்.




"உள்ளதுதானே?" என்றார்.

உள்ளதுதான். அதற்காகவே அந்த வரியை எழுதவில்லை என்பதை அவருக்கு விளக்க எனக்கு நாற்பது சொற்களுக்கு மேல் தேவைப்பட்டது.